18 வயதில் லைசென்ஸ்... முதல் கார் எது? 'சிசி' குறைவாக இருந்தால் மட்டும் போதுமா? பெற்றோர் கவனிக்க வேண்டியவை

18 வயது முடிந்து கையில் லைசென்ஸ் வந்ததும், பல வீடுகளில் அடுத்து எழும் கேள்வி "எந்த கார் வாங்குவது?" என்பதுதான். "புதுசா ஓட்டுற பிள்ளைக்கு சின்ன இன்ஜின் போதும், இன்சூரன்ஸும் கம்மி" என்று பலரும் சொல்வார்கள். அந்தப் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பி கார் எடுத்தால், சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தி, பாதுகாப்பைக் கோட்டைவிட நேரிடலாம்.

இந்தியாவில் இன்சூரன்ஸ் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் ஓட்டுபவரின் வயது குறைவாக இருந்தால் பிரீமியம் பல மடங்கு எகிறும். இந்தியாவில் கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு வயது கணக்கே இல்லை. இன்ஜினின் கன அளவு, அதாவது 'சிசி' மட்டும்தான் கணக்கு.

2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1000 சிசி வரையிலான காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1000 முதல் 1500 சிசி வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். ஜிஎஸ்டி தனி. புது கார் என்றால் மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும்.

சொந்த சேதத்துக்கான பிரீமியம் வேறு. அது காரின் மதிப்பு, வயது, பதிவான ஊர், சிசி ஆகியவற்றைப் பொறுத்து மாறும். விலை அதிகமான கார் என்றால் இந்தப் பகுதிதான் பர்ஸைக் கடிக்கும்.

சிசி குறைவு என்றால் பவர் குறைவா?

இல்லை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டர்போ இன்ஜின் வந்த பிறகு சிசிக்கும் வேகத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது.

உதாரணத்துக்கு, மதுரையில் 19 வயது மகளுக்காக செகண்ட் ஹேண்ட் கார் தேடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவர்கள் முன் மூன்று பெட்ரோல் கார்கள் இருக்கின்றன. முதலாவது ஆல்டோ கே10: 998 சிசி, சுமார் 67 பிஎஸ். இரண்டாவது 2020 மாடல் டியாகோ: 1199 சிசி, 86 பிஎஸ். மூன்றாவது வென்யூ டர்போ: 998 சிசி, 120 பிஎஸ்.

மூன்றாம் நபர் பிரீமியத்தைப் பார்த்தால் ஆல்டோவும் வென்யூ டர்போவும் ஒரே தட்டில் இருக்கின்றன. ஆனால் பவர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ரிங் ரோட்டில் லாரியை ஓவர்டேக் செய்ய லேசாக ஆக்ஸிலேட்டரை மிதித்தாலே சட்டென்று பாயும் காரை, இன்னும் கிளட்ச்சே கைவராத ஒருவரிடம் கொடுப்பது சரியாக இருக்காது. எனவே ஆர்சி புத்தகத்தில் உள்ள சிசியை மட்டும் பார்க்காமல், பிஎஸ் எவ்வளவு என்று கேட்க வேண்டும். 65 முதல் 90 பிஎஸ் வரை முதல் காருக்குத் தாராளம்.

பாதுகாப்பை எப்படி ஒப்பிடுவது?

ஆல்டோவுக்கும் டியாகோவுக்கும் மூன்றாம் நபர் பிரீமியத்தில் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு 1,322 ரூபாய். மாதம் 110 ரூபாய்தான். இந்தத் தொகைக்காக ஒரு காரைத் தள்ளிவிடத் தேவையில்லை. பார்க்க வேண்டியது மோதல் சோதனை முடிவைத்தான்.

குளோபல் என்கேப் சோதனையில், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் டியாகோ 2020-இல் 4 ஸ்டார் வாங்கியது. ஆல்டோ கே10, 2023-இல் 2 ஸ்டார் வாங்கியது. ஆனால் இரண்டையும் அப்படியே எடை போடக் கூடாது. 2022-இல் விதிகள் கடுமையாக்கப்பட்டு, பக்கவாட்டு மோதல் பாதுகாப்பும் ஸ்டார் கணக்கில் சேர்க்கப்பட்டது. அதனால் ஸ்டாரோடு சேர்த்து எந்த ஆண்டு சோதனை என்றும் பார்க்க வேண்டும். 2023 அக்டோபர் முதல் இந்தியாவுக்கென்றே 'பாரத் என்கேப்' சோதனையும் நடைமுறையில் இருக்கிறது. இன்னொன்று, ஸ்டார் என்பது சோதனை செய்யப்பட்ட காரில் இருந்த ஏர்பேக் எண்ணிக்கைக்குத்தான் பொருந்தும். அதே பெயரில் வந்த பழைய மாடலுக்குப் பொருந்தாது.

பழைய கார் என்றால் 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானதாகப் பார்ப்பது நல்லது. அந்த மாதத்தில் இருந்துதான் எல்லா கார்களிலும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயமானது. திடீரென பிரேக்கை மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்காமல், ஸ்டீயரிங்கைத் திருப்ப விடுவது இதுதான். புதிதாக ஓட்டுபவர் பதற்றத்தில் முதலில் செய்வதும் பிரேக்கை முழுதாக மிதிப்பதுதான்.

வாங்கும் முன் ஒரு சின்ன சோதனை. இக்னிஷனை ஆன் செய்தால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. விளக்கு எரியவே இல்லை என்றால் இன்னும் சந்தேகப்பட வேண்டும்: விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல், விளக்கை மட்டும் துண்டித்து விற்பவர்களும் உண்டு.

சின்ன கீறலுக்கு கிளைம் செய்யலாமா?

புதிதாக ஓட்டுபவர் முதலில் உரசுவது பம்பரைத்தான். பம்பர் பிளாஸ்டிக். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 8,000 ரூபாய் பம்பர் என்றால் 4,000 போய்விடும். 1500 சிசி வரையிலான காருக்கு, கட்டாயம் நாமே ஏற்க வேண்டிய தொகை 1,000 ரூபாய். ஆக, கைக்கு வருவது 3,000 ரூபாய்.

அந்த ஆண்டு கிளைம் இல்லாமல் இருந்திருந்தால், சொந்த சேத பிரீமியத்தில் அடுத்த ஆண்டு 20 சதவீத 'நோ கிளைம் போனஸ்' கிடைத்திருக்கும். பிரீமியம் 8,000 என்றால் 1,600 ரூபாய் தள்ளுபடி. அடுத்தடுத்த ஆண்டுகளில் 25, 35 சதவீதம் என ஏறும் படிகளும் ஓராண்டு தள்ளிப்போகும். கூட்டிக் கழித்தால் லாபம் ஒன்றும் பெரிதாக மிஞ்சாது. சின்ன செலவைக் கையில் இருந்து செய்துவிட்டு, பெரிய சேதத்துக்கு மட்டும் பாலிசியைத் தொடுவது நல்லது. தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' வசதியைப் பொதுவாக ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட காருக்குத்தான் தருகிறார்கள்.

கார் யார் பெயரில் இருக்க வேண்டும்?

இதைத்தான் பலர் யோசிப்பதே இல்லை. கார் அப்பா பெயரில் இருந்தாலும், லைசென்ஸ் உள்ள மகள் அவர் அனுமதியோடு ஓட்டலாம், காப்பீடு செல்லும். ஆனால் பாலிசியில் உள்ள 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, லைசென்ஸ் வைத்திருக்கும் உரிமையாளருக்கு மட்டுமே உரியது. மகள் ஓட்டிச் சென்று அவருடைய தவறால் விபத்து நடந்தால், எதிரே வந்தவருக்கு இழப்பீடு கிடைக்கும். ஸ்டீயரிங் பிடித்த மகளுக்கு அந்த 15 லட்சம் கிடையாது.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. 18 வயது ஆகிவிட்டதால் காரை மகள் பெயரிலேயே பதிவு செய்யலாம். அப்படிச் செய்தால் அப்பா சேர்த்து வைத்திருக்கும் நோ கிளைம் போனஸை இந்த காருக்குப் பயன்படுத்த முடியாது. அல்லது கார் அப்பா பெயரில் இருக்கட்டும் என்றால், மகளுக்குத் தனியாக ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுத்துவிட வேண்டும்.

பழைய கார் வாங்கினால், ஆர்சியை மாற்றுவதோடு 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பாலிசி பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால், சொந்த சேத கிளைம் நிராகரிக்கப்படலாம். "அப்புறம் மாத்திக்கலாம்" என்று தள்ளிப்போட்டால், பெயர் மாறுவதற்குள் வண்டி இடிபடும்போது மொத்தச் செலவும் வாங்கியவர் தலையில்தான் விழும்.