வண்டியோடு நகரும் விளக்கு

திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நூல் விலை காலாண்டுக்குக் காலாண்டு மாறுகிறது. ஏப்ரலில் போட்ட பட்ஜெட் ஆடி வரைகூடத் தாங்குவதில்லை. ரோலிங் பட்ஜெட் போட்டால் விலை ஏற்றம் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?"

உண்மையில்லை. 2022 மே மாதம் ஒரு கேண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஓராண்டுக்கு முன்பு அதில் ஏறத்தாழ பாதி விலைதான். அந்த ஏற்றத்தை எந்தப் பட்ஜெட் முறையும் முன்னறிந்து சொல்லியிருக்காது. ஜோசியம் சொல்வதாக மென்பொருள் விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம். ரோலிங் பட்ஜெட்டின் அழகு வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். டீ-ஷர்ட் ஒன்றுக்குக் கழிவோடு சேர்த்து 200 கிராம் நூல். காலாண்டுக்கு ஒரு லட்சம் உருப்படி, ஆக 20,000 கிலோ. ஏப்ரலில் கிலோ 250 ரூபாய் என்று கணக்கிட்டு, காலாண்டுக்கு 50 லட்சம் ஒதுக்கியாயிற்று. ஜூலையில் நூல் 280 ஆகிறது. செப்டம்பர் முடிவில் பார்த்தால் 57.68 லட்சம் செலவாகியிருக்கிறது. ஆண்டுப் பட்ஜெட் '7.68 லட்சம் அதிகம்' என்கிறது. நூல் ஏறிவிட்டதே என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள்.

ரோலிங் பட்ஜெட்டிலோ ஜூலை விலை தெரிந்ததும் அந்தக் காலாண்டின் ஒதுக்கீடு 56 லட்சமாகத் திருத்தப்பட்டிருக்கும். அதற்கு மேல் போன 1.68 லட்சம் தனியே தெரியும். அது விலையால் வந்ததல்ல. 600 கிலோ நூல் கூடுதலாகப் போயிருக்கிறது. நிட்டிங்கிலோ கட்டிங்கிலோ கழிவு கூடியிருக்கிறது. விலை என்ற பெரிய சத்தத்தை அடக்கியதும் கழிவின் முனகல் காதில் விழுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

  

இன்னொரு பயனும் உண்டு. ஆண்டுப் பட்ஜெட், மார்ச் 31 என்ற ஊர் எல்லை வரைதான் ஒளி காட்டும். ஏப்ரலில் 12 மாதம் தெரியும், ஜனவரியில் மூன்றுதான். ஜனவரியில் பிடிக்கும் ஆர்டர் மே மாதம் கப்பலேறும் என்றால், அதன் நூலுக்கு ஆண்டுப் பட்ஜெட்டில் இடமே இல்லை. ரோலிங் பட்ஜெட் மாட்டு வண்டியில் தொங்கும் அரிக்கேன் விளக்கு. ஒரு காலாண்டு முடிந்ததும் முன்னால் ஒரு காலாண்டு சேரும். எப்போதும் 12 மாதம் தெரியும். ஆனால் பள்ளம் தெரிந்துவிட்டதாலேயே வண்டி நின்றுவிடாது. விலை பேசி ஒப்புக்கொண்ட ஆர்டரை விளக்கு மாற்றாது. அடுத்த ஆர்டருக்கு என்ன விலை சொல்வது, வங்கியில் எவ்வளவு கடன் வரம்பு கேட்பது என்பதற்குத்தான் உதவும். விளக்குக்கு எண்ணெயும் வேண்டும்: காலாண்டுதோறும் கணக்காளருக்குச் சில நாள் வேலை.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. திருத்தும்போது விலையை மட்டும் திருத்த வேண்டும். உருப்படிக்கு 200 கிராம் என்ற அளவை ஆண்டு முழுக்கத் தொடக் கூடாது. ஏப்ரல் தாளையும் கோப்பில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அக்டோபர் தாளில் அந்த 200 சத்தமில்லாமல் 206 ஆகியிருந்தால், விலையோடு சேர்ந்து கழிவும் பட்ஜெட்டுக்குள் உருண்டுவிட்டது என்று அர்த்தம்.