பாதியில் நின்ற வெண்பா

மாத்தளைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் வாழ்ந்து, அண்மையில் காலமான பெரியவர் ஒருவர் வெண்பா எழுதும் வழக்கமுடையவர். அவர் விட்டுச் சென்ற பயிற்சிக் கொப்பியின் ஒரு பக்கத்தை அவருடைய பேர்த்தி படமெடுத்து எமக்கு அனுப்பியிருந்தார். பக்கத்தின் தலைப்பில் 1971 என்ற ஆண்டு இருந்தது. அதன் கீழே இரண்டே வரிகள். அதற்குமேல் தாள் வெறுமையாகக் கிடந்தது. ஆண்டுத் திதிக்கு வெளியிடும் நினைவு மலரில் இப்பாட்டைச் சேர்க்க வேண்டும் என்பது குடும்பத்தினரின் விருப்பம். "தாத்தாவின் ஓசையும் மனமும் மாறாதபடி முடித்துத் தர முடியுமா?" என்று அப்பெண் கேட்டிருந்தார்.

அவ்விரண்டு வரிகள் இவை:

முற்றத்தில் அண்ணன் முனம்வைத்த மாங்கன்றும்
ஒற்றைத் திரிவிளக்கும் ஓய்ந்திருக்க – பெற்றதாய்

இவ்வரிகளின் பின்னணியை நேயர்கள் அறிவது நன்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி, மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களும் இரு நாட்டவராயினர். பெரியவரின் அண்ணன் இந்தியக் குடியுரிமை பெற்றுத் தலைமன்னார் வழியாகக் கப்பலேறினார். தாயும் தம்பியும் இங்கே தங்கினர். அண்ணன் சென்ற நாளைத் தம்பி பாட வந்து, "பெற்றதாய்" என்ற சொல்லோடு எழுதுகோலை வைத்துவிட்டார்.

முதலில் எழுத்தைப் படித்தல்

ஒரு பாட்டைத் தொடர முற்படுபவன் முதலில் அதைப் பிழையின்றிப் படிக்க வேண்டும். கையெழுத்தைப் படமாகப் பார்க்கும்போது இது எளிதன்று. தாளின் மடிப்பு நிழலாக விழும். மைப் பொட்டு புள்ளியாகத் தோன்றும். தேய்ந்த புள்ளி தோன்றாமலே போகும்.

இப்படத்தில் முதல் வரியின் மூன்றாம் சீரில் இத்தகைய ஐயம் எழுந்தது. 'மு', 'ன' என்னும் எழுத்துகள் தெளிவாக இருந்தன. 'ன'வின் மேல் ஒரு கரும்புள்ளி. அதையடுத்துத் தாளின் மடிப்பு. மடிப்புக்கு அப்பால் 'வைத்த'. புள்ளியை மெய்ப்புள்ளியாகக் கொண்டால் 'முன்வைத்த' என்றாகும். அது மைத்தெறிப்பாக இருந்து, மடிப்பினுள் ஓர் எழுத்து மறைந்திருந்தால் 'முனம்வைத்த' என்றாகும். பொருள் இரண்டுக்கும் ஒன்றே. முன்பு நட்டு வைத்த கன்று. ஆகவே பொருளைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல இயலாது. யாப்புத்தான் சொல்ல வேண்டும்.

வெண்பாவின் கட்டுப்பாட்டை இங்கே சுருக்கமாகக் கூறுவோம். குறிலோ நெடிலோ தனித்து வருவதும், ஒற்றடுத்து வருவதும் நேரசை. ஒரு குறிலோடு இன்னோர் உயிர்மெய் இணைந்து வருவது நிரையசை. இரண்டு அசையாகி நேரில் முடியும் சீர் மாச்சீர்; அதன்பின் வரும் சீர் நிரையில் தொடங்க வேண்டும். இரண்டு அசையாகி நிரையில் முடியும் விளச்சீருக்குப் பின்னும், மூன்று அசையாகி நேரில் முடியும் காய்ச்சீருக்குப் பின்னும் வரும் சீர் நேரில் தொடங்க வேண்டும். இந்த இணைப்பு ஓரிடத்தில் பிசகினும் வெண்பா தளை தட்டும்.

'அண்ணன்' என்பது இரண்டு நேரசைகள் கொண்ட மாச்சீர். அதையடுத்து 'முன்' என்ற நேரசை வரலாகாது. 'முனம்' என்ற நிரையசை வரலாம். எஞ்சிய சீர்கள் யாவும் தளை பிழையாது நிற்கையில், இவ்வொன்றில் மட்டும் பெரியவர் தவறியிருப்பார் என்று கொள்வதற்கில்லை. எனினும் ஊகத்தோடு நிற்காமல் இன்னொரு படம் கேட்டோம். கொப்பியைச் சன்னலருகே வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி செய்து, நேர் மேலிருந்து எடுக்குமாறு எழுதினோம். வந்த படத்தில், மடிப்பின் உள்ளே 'ம்' என்ற எழுத்தின் வளைவு தெரிந்தது. ஐயம் தீர்ந்தது.

எஞ்சிய ஏழு சீர்கள்

இரண்டாம் வரியில் 'பெற்றதாய்' என்ற சொல்லுக்கு முன் ஒரு சிறு கோடு இடப்பட்டிருக்கிறது. முற்ற, ஒற்றை, பெற்ற என மூன்றிடத்தும் இரண்டாம் எழுத்து 'ற்' என எதுகை அமைந்திருக்கிறது. எனவே இது தனிச்சொல் பெற்ற நேரிசை வெண்பா. நான்கடியில் பதினைந்து சீர்கள் வர வேண்டும். எட்டு எழுதப்பட்டுவிட்டன, எஞ்சியவை ஏழு. மூன்றாம் அடிக்கு நான்கு, ஈற்றடிக்கு மூன்று. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றாக முடிய வேண்டும். 'பெற்றதாய்' விளச்சீராதலால், நாம் எழுதப்போகும் முதற்சீர் நேரில் தொடங்க வேண்டும்.

பின்னிரண்டு அடிகளுக்கு அதே 'ற்' எதுகையைத் தொடர்வதா, வேறு எதுகைக்கு மாறுவதா என்பது அடுத்த வினா. இலக்கணம் இரண்டையும் ஒப்பும். புலவரின் பழக்கம் எதுவென்று அறிய, முடிவுற்ற வேறு பாட்டுகள் உள்ள பக்கங்கள் இரண்டைக் கேட்டுப் பெற்றோம். அவற்றில் எல்லாம் அவர் பின்னிரண்டு அடிகளில் எதுகையை மாற்றியே பாடியிருந்தார். அவர் வழியே எம் வழியுமாயிற்று.

இலக்கணம் சரி, மனம் சரியில்லை

இவ்விரண்டு வரிகளையும் கேட்ட நண்பர் ஒருவர், யாப்பில் கைதேர்ந்தவர், சில நிமிடங்களில் இவ்வாறு முடித்தார்:

கண்ணீர் பெருக்கிக் கடலெல்லாம் தானிறைத்தாள்
மண்ணோ டழுதாள் மடிந்து

தளை தட்டவில்லை, எதுகை, மோனை குறைவில்லை, ஈற்றுச்சீர் 'பிறப்பு' வாய்பாட்டில் முடிகிறது. ஆயினும் முன்னிரண்டு அடிகளோடு இது ஒட்டவில்லை. காரணம் யாது?

பெரியவரின் வரிகளை மீண்டும் பாருங்கள். முற்றம், கன்று, விளக்கு: எல்லாம் வீட்டிலே கையால் தொடக்கூடிய பொருள்கள். துன்பம், பிரிவு, கண்ணீர் என்ற சொல் ஒன்றுமில்லை; உவமை இல்லை; மிகை இல்லை. அண்ணன் சென்றுவிட்டான் என்றுகூட அவர் சொல்லவில்லை. அவன் நட்ட கன்று நிற்கிறது என்று மட்டும் சொல்கிறார். துயரைச் சொல்லாமல் விடுவதே அவர் வழி. அவ்வாறு அடக்கிவைத்ததை நண்பரின் வரிகள் கடலளவாகக் கொட்டிவிடுகின்றன. அழுவது தாயா, பாட்டெழுதியவரா என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு குறிப்பும் அந்த இரண்டு வரிகளிலேயே இருக்கிறது. "ஓய்ந்திருக்க" என்று செயவென் எச்சமாக நிறுத்தி, உடனே "பெற்றதாய்" என்று எழுவாயை வைத்திருக்கிறார். கன்றும் விளக்கும் அசையாதிருக்கையில், தாய் ஏதோ ஒன்று செய்தாள் என்பதே அத்தொடரின் போக்கு. ஆகவே முடிப்பவன் தாயையும் அசையாது உட்கார வைத்தல் கூடாது. அவளுக்கு ஒரு செயல் வேண்டும். அது வீட்டுக்குள் நிகழும் சிறு செயலாக, கைக்கு எட்டும் பொருளோடு கூடியதாக இருத்தல் வேண்டும்.

அண்ணன் இருந்தபோது அவ்வீட்டில் உண்டவர் மூவர் எனக் குடும்பத்தார் வழி அறிந்தோம். தாய் பழக்கத்தால் மூன்று தட்டு எடுத்திருப்பாள் அன்றோ? இந்நினைவிலிருந்து எம் வரிகள் பிறந்தன:

முற்றத்தில் அண்ணன் முனம்வைத்த மாங்கன்றும்
ஒற்றைத் திரிவிளக்கும் ஓய்ந்திருக்க – பெற்றதாய்
✽
தட்டுமூன்று கொண்டுவந்தாள் தான்திரும்பி ஒன்றுவைத்தாள்
எட்டா இடத்தில் எடுத்து

மூன்றாம் அடியின் நான்கு சீர்களும் காய்ச்சீர்களாய், ஒவ்வொன்றும் நேரில் தொடங்குகின்றன. ஈற்றடியில் 'எட்டா', 'இடத்தில்' இரண்டும் மாச்சீர்கள். அவற்றையடுத்து நிரை வருகிறது. 'எடுத்து' பிறப்பு வாய்பாடு. மூன்றாம் அடி முழுதும் காய்ச்சீர் நடந்து, ஈற்றடியில் மாச்சீர் வருவதால், ஓசை சற்றே தளர்ந்து நிற்கிறது. தட்டை மேலே வைத்தபின் தாய் நிற்பதும் அப்படித்தான்.

நட்சத்திரக் குறி எதற்காக?

ஒருவர் தொடங்க மற்றவர் முடிப்பது தமிழுக்குப் புதிதன்று. இரட்டைப் புலவர் என்று பெயர் பெற்ற இருவருள் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். ஒருவர் வெண்பாவின் முற்பாதியைப் பாட, மற்றவர் பிற்பாதியைப் பாடி முடிப்பார் என்பது வழிவழி வந்த செய்தி. ஆனால் அங்கே முதற்பாதி பாடியவர் உடனிருந்தார்; பிடிக்காவிடில் மறுத்திருக்கலாம். இங்கே மறுக்க வேண்டியவர் இல்லை.

அதனால் நாம் பின்பற்ற வேண்டியது ஏடு பதிப்பித்தோர் வழியே ஆகும். புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை; வேறு சிலவற்றில் அடிகள் சிதைந்துள்ளன. வெண்பாவும் அகவலும் நொடியில் பாடவல்ல உ.வே. சாமிநாதையர் அவ்விடங்களைத் தாமே பாடி நிரப்பவில்லை. புள்ளியிட்டு வெற்றிடமாகவே விட்டார். படிப்பவன் எது பழையது, எது இல்லை என்று அறியும் உரிமையை அவர் காத்தார். நாமோ நிரப்பிவிட்டோம், ஆகவே நிரப்பிய இடத்தையேனும் காட்ட வேண்டும். நட்சத்திரக் குறிக்கு மேலுள்ளது பெரியவருடையது. கீழுள்ளது பிறர் எழுதியது. மலரில் கீழ்ப்பகுதியைச் சிறிய எழுத்தில் அச்சிட்டு, கொப்பிப் பக்கத்தின் படத்தையும் அருகே வைக்குமாறு எழுதினோம். பேர்த்தியும் அதற்கு இசைந்தார்.

இதில் யாப்பினும் பெரிய வினா ஒன்று உண்டு. அந்தத் தாய் கற்பனைப் பாத்திரம் அல்லள். பெயரும் ஊரும் உடைய ஒரு பெண். அவள் செய்யாத செயலை அவள் மேல் ஏற்றலாமா? வரிகளைப் பெரியவரின் மனைவிக்குப் படித்துக் காட்டி, அவர் வேண்டாமென்றால் விட்டுவிடும்படி சொல்லியிருந்தோம். அம்மூதாட்டி இருமுறை படிக்கக் கேட்டாராம். பின்பு கூறினாராம்: "தட்டு வைத்தாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அந்த நாளைப் பற்றி இவர் என்னிடம் பேசியதே இல்லை. ஆனால் மாமி அழுகிற ஆள் இல்லை. இப்படித்தான் ஏதாவது செய்திருப்பார்."