செங்கல்பட்டுக்கு அனுப்பப்பட்ட பையன்கள்

1900-ஆம் ஆண்டு வாக்கில், சென்னை மாகாணத்தில் எங்கோ ஓர் ஊரில், பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பித்தளைச் செம்பைத் திருடிப் பிடிபட்டான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நடப்பில் இருந்தது 1897-ஆம் ஆண்டின் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம். பதினைந்து வயதுக்குட்பட்ட பையனைச் சிறையில் அடைப்பதற்குப் பதிலாகச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப அது இடம் கொடுத்தது. எத்தனை நாளைக்கு? மூன்று ஆண்டுக்குக் குறையக் கூடாது, ஏழு ஆண்டைத் தாண்டக் கூடாது. அதே செம்பை வளர்ந்த ஆள் திருடியிருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ வெளியே வந்திருப்பான். பையனோ மீசை அரும்பும்வரை உள்ளேயே இருப்பான். அவனைத் தண்டிக்கவில்லை, திருத்துகிறோம் என்பது அரசின் வாதம். திருத்துவதற்கு நாள் பிடிக்கும் அல்லவா?

அப்படி அனுப்பப்பட்ட இடங்களில் ஒன்று செங்கல்பட்டு. 1880-களின் பிற்பகுதியிலிருந்து அங்கே சீர்திருத்தப் பள்ளி உண்டு. இரவில் பையன்களைத் தனித்தனியே படுக்கவைக்க வசதி வேண்டும், கைத்தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றெல்லாம் சட்டமே சொன்னது. பெரியவர்களோடு ஒரே கொட்டடியில் கிடந்து கெட்டுப்போவதைவிட இது எவ்வளவோ மேல் என்று அன்றைக்கு நினைத்ததில் தப்பில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒருவருக்கு இடமே இல்லை. செம்பைப் பறிகொடுத்தவர் சாட்சி சொல்ல வந்தார், சொன்னார், போனார். அவருக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பையனுக்கு அவர் முகம்கூட நினைவில் நின்றிருக்காது.

பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. அலெக்சாண்டர் கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைகள் குழு ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1920-இல், சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் அந்த வகையில் அதுதான் முதல் சட்டம். 1986, 2000, 2015 என்று இளைஞர் நீதிச் சட்டங்கள் தொடர்ந்தன. பள்ளி சான்றுபெற்ற பள்ளியாகி, பிறகு சிறப்பு இல்லமாகவும் கூர்நோக்கு இல்லமாகவும் ஆனது. ஏழு ஆண்டு என்பது அதிகபட்சம் மூன்று ஆண்டாகக் குறைந்தது. தாளில் பார்த்தால் பெரிய மாற்றம்தான்.

2022 டிசம்பர் கடைசியில், தாம்பரம் பகுதியில் ரயில்வே பேட்டரிகளைத் திருடியதாகப் பிடிக்கப்பட்ட பதினேழு வயதுப் பையன் ஒருவன் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்குக் கொண்டுவரப்பட்டான். ஓரிரு நாளில் இறந்துபோனான். அடித்துக் கொல்லப்பட்டான் என்று வழக்குப் பதிவாகி, இல்லத்தின் ஊழியர் ஆறு பேர் கைதானார்கள். அவன் பெயரை இங்கே எழுதவில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. அந்தத் தடை நியாயமானதும்கூட. அடுத்த ஆண்டு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. இந்த இல்லங்களை நிர்வகிக்கத் தனித் துறையே வேண்டும் என்பது அவர் கொடுத்த முக்கியமான பரிந்துரை.

இதை ஆறு கெட்ட மனிதர்களின் கதையாக முடித்துவிடலாம். எனக்கு அது போதாது. அந்தப் பையன் அங்கே எதற்காக இருந்தான் என்பதுதான் கேள்வி. அவனுக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, பிடிபட்ட சிறுவனை ஜாமீனில் விடுவதையே பொது விதியாக வைத்திருக்கிறது. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, அல்லது நீதி கெட்டுப்போகும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே உள்ளே வைக்கலாம். கொடுங்குற்றம் அல்லாத வழக்கில், பெரியவர்கள் கூட்டு இல்லாதவரை, எஃப்.ஐ.ஆர். போடாமல் பொது நாட்குறிப்பில் பதிந்து, சிறுவனின் குடும்பப் பின்னணி அறிக்கையைத் தயாரித்து இளைஞர் நீதிக் குழுமத்திடம் கொடுத்தால் போதும் என்கின்றன 2016 மாதிரி விதிகள். வழி இருக்கிறது. ஆனால் ஒரு இல்லம் கட்டி, படுக்கையும் வார்டனும் வைத்துவிட்டால், கை தானாக அந்தப் பக்கம்தான் போகிறது. பெரியவர்கள் சிறையிலும் இதே கதை: 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள்.

சிறை என்ன செய்கிறது என்பதைச் சமூகவியலாளர்கள் நெடுநாளாகப் பார்த்துவருகிறார்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலச் சிறையொன்றில் வேலை பார்த்த டொனால்ட் கிளெம்மர் 1940-இல் ஒரு புத்தகம் எழுதினார். உள்ளே போனவன் சட்டத்தைக் கற்றுக்கொள்வதில்லை, சிறையைக் கற்றுக்கொள்கிறான் என்பது அதன் சாரம். யாருக்கு வணக்கம் வைக்க வேண்டும், யாரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, பீடி எங்கே கிடைக்கும், அடி விழாமல் எப்படித் தப்புவது என்பவைதாம் அங்கே பாடம். நாள் கூடக் கூட இந்தப் பாடம் ஊறிப்போய், வெளியே பிழைப்பதற்குத் தெரிந்திருந்த கொஞ்சமும் மறந்துபோகிறது. கம்பிக்குள் இருக்கும்வரை ஒருவன் வெளியே திருட முடியாது என்பது உண்மை. சிறை உறுதியாகச் சாதிப்பது அவ்வளவுதான்.

ஆனால் கெட்ட பையன்கள்தாமே உள்ளே போகிறார்கள், அவர்கள் மறுபடி கெட்டுப்போனால் சிறையை எப்படிக் குறை சொல்வது? நியாயமான கேள்வி. அன்னா ஐசரும் ஜோசப் டாயிலும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்தது. சிகாகோ சிறார் நீதிமன்றத்தில் எந்த வழக்கு எந்த நீதிபதியிடம் போகும் என்பது ஏறக்குறையக் குலுக்கல் மாதிரி. சில நீதிபதிகள் கண்டிப்பானவர்கள், சிலர் இளகிய மனசு. ஆகவே ஒரே மாதிரிப் பையன்கள் இருவரில் ஒருவன் உள்ளே போவதும் மற்றவன் வீட்டுக்குப் போவதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இப்படி முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட சிறார்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். உள்ளே போனவர்கள் பள்ளிப் படிப்பை முடிப்பது குறைந்தது. வளர்ந்தபின் சிறைக்குப் போவது கூடியது. பாதியில் விட்ட பள்ளிக்குத் திரும்பிப் போகாததே பெரிய காரணம் என்பது அவர்கள் கணிப்பு. பெஞ்சில் அவன் இடத்தில் வேறு பையன் உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான் விஷயம்.

தண்டனைக்கு மாற்றாகப் பேசப்படும் மறுசீரமைப்பு நீதி வேறு கேள்வியிலிருந்து தொடங்குகிறது. எந்தச் சட்டம் மீறப்பட்டது என்று கேட்பதற்கு முன்னால், யாருக்கு என்ன பாதிப்பு, அதை யார் எப்படி ஈடுகட்டுவது என்று கேட்கிறது. நார்வேயின் நீல்ஸ் கிறிஸ்டி 1977-இல் எழுதிய கட்டுரையில் ஒரு குற்றச்சாட்டே வைத்தார்: சண்டை என்பது அதில் சிக்கிய இருவருக்கும் சொந்தமானது, அதை அரசும் வக்கீல்களும் அபகரித்துக்கொண்டார்கள். செம்பைப் பறிகொடுத்தவர் நினைவுக்கு வருகிறாரா?

சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு திட்டத்தை உதாரணமாகப் பார்க்கலாம். திருட்டு, வீடு புகுதல், அடிதடி போன்ற குற்றங்களில் சிக்கிய சிறார்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் வழக்கமான வழக்கைச் சந்தித்தார்கள். இன்னொரு பகுதியினரிடம் ஒருங்கிணைப்பாளர் தனியாகப் பேசினார். பாதிக்கப்பட்டவரிடமும் தனியாகப் பேசினார். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே ஒரே அறையில் உட்காரவைத்தார்கள். பையனோடு குடும்பத்தாரும் வருவார்கள். பாதிக்கப்பட்டவர் வர விரும்பாவிட்டால் அவர் சார்பில் ஒருவர் வருவார். முடிவில் செய்ய வேண்டியதெல்லாம் எழுத்தில் பதியப்படும். ஆறு மாதம் கண்காணிப்பு. செய்து முடித்தால் வழக்கு கிடையாது, முடிக்காவிட்டால் கோர்ட்டுதான். இதில் சேர்க்கப்பட்டவர்களில் ஆறு மாதத்துக்குள் மறுபடி கைதானவர்களின் விகிதம் மற்றவர்களைவிட 19 சதவீதப் புள்ளி குறைந்தது. ஆய்வில் இருந்தவர்கள் 143 பேர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்பவர்கள் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டிச் சதுரங்கப்பட்டினம்வரை உள்ள மீனவக் குப்பங்களைப் பார்க்கலாம். ஒருவனுடைய இன்ஜின் காத்தாடியில் இன்னொருவனுடைய வலை சிக்கிக் கிழிந்துவிட்டால் ஸ்டேஷனுக்கு யாரும் ஓடுவதில்லை. ஊர்ப் பஞ்சாயத்து கோயில் பக்கம் கூடும். வலையைக் கொண்டுவந்து விரித்துக் காட்டுவார்கள். எத்தனை துண்டு போயிற்று, எத்தனை முறை கடலுக்குப் போன வலை, தொழில் எத்தனை நாள் நின்றது என்று எல்லாம் தெரிந்த ஆட்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பணம் கைமாறும். மறுநாள் விடியற்காலையில் இருவரும் அதே கடலுக்குத்தான் போயாக வேண்டும், ஆகையால் பேச்சு முறியாமல் முடிப்பதே அங்கே முதல் அக்கறை. சோழமண்டலக் கரையின் இந்தப் பஞ்சாயத்துகளை மார்டன் பாவிங்க் என்ற டச்சு ஆய்வாளர் நெடுநாள் தங்கிப் படித்து 2001-இல் நூலாகவே எழுதியிருக்கிறார்.

இதைக் கொண்டாடத்தான் ஆசை. ஆனால் அந்தச் சபையில் பெண்களுக்கு இடம் கிடையாது. மீன் விற்கும் பெண்ணுக்கு நேர்ந்த தீங்கை அவள் வீட்டு ஆண்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அபராதத்தில் ஒரு பங்கு கோயிலுக்கோ ஊர்ப் பொதுவுக்கோ போகும்போது, பாதிக்கப்பட்டவருக்கு மிஞ்சுவது ஊருடைய கோபத்தைப் பொறுத்தது. கட்டுப்பட மறுத்தால் ஊர் விலக்கு: கூடப் படகேற ஆள் வராது, கடையில் சாமான் கிடைக்காது. இது சிறையைவிட இலேசானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சான் பிரான்சிஸ்கோ முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்று: மறுக்கும் உரிமை. பையனும் சரி, பாதிக்கப்பட்டவரும் சரி, எனக்கு இது வேண்டாம், கோர்ட்டுக்கே போகிறேன் என்று பயமில்லாமல் சொல்ல முடியுமானால்தான் அது மறுசீரமைப்பு. இல்லாவிட்டால் கட்டப்பஞ்சாயத்து. சாதிக் கொடுமையிலும் குடும்ப வன்முறையிலும் இந்த முறையை நுழைக்க நான் தயங்குவதும் இதனால்தான்; அங்கே பலவீனமானவர் மறுக்கவே முடியாது.

இப்போது தாம்பரம் பேட்டரிக்குத் திரும்புவோம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 18-ஆவது பிரிவில் குழுமம் போடக்கூடிய உத்தரவுகள் ஏழு: அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்புவது, குழு ஆலோசனை, சமுதாய சேவை, அபராதம், இருவகை நன்னடத்தைக் கண்காணிப்பு, கடைசியாகத்தான் சிறப்பு இல்லம். பூங்காவைப் பராமரிப்பது, முதியோருக்கு உதவுவது, மருத்துவமனையில் ஒத்தாசையாக இருப்பது எல்லாம் சமுதாய சேவைக்கு விதிகள் தரும் உதாரணங்கள். நல்லவைதான். ஆனால் பூங்காவுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்? அந்த ஏழில் ஒன்றுகூட இழந்தவரை அழைத்துக் கேள் என்று சொல்லவில்லை.

அழைப்பதாக இருந்தாலும் ரயில்வே சார்பில் யாரை அழைப்பது? அதிகாரி ஒருவர் வந்து விலைப்பட்டியலைப் படித்தால் பையனுக்கு எதுவும் உறைக்காது. பேட்டரி காணாமல் போனதால் மாற்று தேடி ராத்திரியில் யார்டில் அலைந்த தொழிலாளி வந்தால் உறைக்கலாம். ஹெதர் ஸ்ட்ராங், லாரன்ஸ் ஷெர்மன் குழு 2013-இல் தொகுத்த பத்துப் பரிசோதனைகளில் இந்தச் சந்திப்புகள் பொருள் திருட்டைவிட வன்முறைக் குற்றங்களில்தான் கூடுதல் பலன் தந்தன. எதிரே உட்கார ஒரு மனிதர் இருப்பதே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், வளர்ந்தவர்களுக்கு, சின்னக் கதவு ஒன்று திறந்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவை திருடியவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமுதாய சேவைதான் தண்டனை. 1900-இல் இப்படி ஒரு விதி பையன்களுக்கும் இருந்திருந்தால், செம்பு வீடு திரும்பியிருக்கும், பையனும் செங்கல்பட்டுக்குப் போயிருக்க மாட்டான். அந்த விதியிலும் செம்புக்காரர் பொருளை வாங்கிக்கொள்ளலாமே தவிர, பையனிடம் ஒரு வார்த்தை பேச இடமில்லை.