பாதி சார்ஜில் உழைக்கும் பேட்டரி

ஹைப்ரிட் காரில் பிரேக் போடும்போது பிறக்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் எப்போதும் இடம் காலியாக இருக்க வேண்டும். மறு நொடியே மோட்டாருக்குக் கொடுக்க இருப்பும் வேண்டும். அதனால் அது நிரம்பாமலும் தீராமலும் பாதி சார்ஜிலேயே ஓடுகிறது. சாதாரண ஈய-அமில பேட்டரி இந்த வேலையில் சீக்கிரமே படுத்துவிடும்.

கோளாறு தொடங்குவது எதிர்மின் தகட்டில். மின்சாரம் தரும்போது அங்குள்ள நுண்துளை ஈயம், அமிலத்துடன் சேர்ந்து ஈய சல்பேட்டாகிறது. சார்ஜ் ஏறும்போது அது கரைந்து மறுபடி ஈயமாக வேண்டும். புதிதாக உண்டான சல்பேட் படிகங்கள் பொடியானவை, எளிதில் கரைந்துவிடும். முழு சார்ஜே கிடைக்காமல் நாட்கள் போனால், பொடிப் படிகங்கள் கரைந்து பெரியவற்றின் மேல் படிந்துகொண்டே போகும். பெரிய படிகம் மெதுவாகத்தான் கரையும், மின்சாரத்தையும் கடத்தாது. வேகமாக மின்சாரம் இழுத்தால் இன்னும் மோசம். அமிலம் தகட்டின் உள்ளே போய்ச் சேர நேரம் இல்லாததால் சல்பேட் மேற்பரப்பிலேயே அடையாகப் படிந்துவிடுகிறது. அதன்பின் ஏற்றும் மின்சாரத்தில் ஒரு பகுதி ஹைட்ரஜனை வெளியேற்றியே வீணாகும். இன்வெர்ட்டர் பேட்டரியிலும் இதைக் காணலாம். சார்ஜர் ‘ஃபுல்’ என்று காட்டும். ஹைட்ரோமீட்டரில் அமிலத்தின் அடர்த்தி உயர்ந்திருக்காது. அமிலத்துக்குத் திரும்ப வேண்டிய சல்பேட் தகட்டிலேயே சிக்கியிருப்பதுதான் காரணம்.

எதிர்மின் தகட்டுப் பசையில் சிறிதளவு கார்பன் கலப்பது பழைய வழக்கம்தான். 1990-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த அளவைப் பல மடங்கு கூட்டிப் பார்த்தபோது, பாதி சார்ஜில் பேட்டரியின் ஆயுள் நீண்டது. சல்பேட் படிகங்களுக்கு நடுவே கார்பன் துகள்கள் மின்சாரம் போக வழி தருகின்றன. படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகவும் விடுவதில்லை. மேற்பரப்பு மிகுந்த கார்பனாக இருந்தால், திடீரென வரும் மின்னூட்டத்தை ரசாயன மாற்றம் இல்லாமலே தன் பரப்பில் வாங்கி வைத்துக்கொள்ளும். இவற்றில் எது முதன்மையானது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கார்பனின் வகையைப் பொறுத்து விடை மாறுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது வழியை முழுமையாகப் பயன்படுத்தியது ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ உருவாக்கிய ‘அல்ட்ராபேட்டரி’. இதில் எதிர்மின் தகட்டின் ஒரு பகுதி ஈயம், இன்னொரு பகுதி மின்தேக்கி போல வேலை செய்யும் கார்பன். ஜப்பானின் ஃபுருகாவா நிறுவனம் தயாரித்த இந்த பேட்டரிகளை ஹோண்டா இன்சைட் காரில், அதன் நிக்கல் பேட்டரிக்குப் பதிலாகப் பொருத்தி, பிரிட்டனின் மில்புரூக் சோதனைத் தடத்தில் ஓட்டினார்கள். 2008-இல் அந்தக் கார் 1,60,000 கிலோமீட்டரைக் கடந்தது.

கார்பனுக்கும் விலை உண்டு. ஈயத்தைவிட அதன் மேல் ஹைட்ரஜன் எளிதாக உருவாகும். அளவு மிஞ்சினால் தண்ணீர் வேகமாகக் குறையும். பசையும் தகட்டில் சரியாக ஒட்டாது. நேர்மின் தகட்டின் அரிப்புக்கோ கார்பனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஈய-கார்பன் பேட்டரிக்கும் இடையிடையே ஒரு முழு சார்ஜ் தேவைப்படுகிறது. சாதாரண பேட்டரியைவிட அதை அதிக நாள் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.