திரை நிறைந்தால் படம் குறையும்

2016 வாக்கில் வாங்கிய 5.5 அங்குல போனையும் இப்போது வாங்கிய 6.5 அங்குல போனையும் அருகருகே படுக்கவைத்து, ஒரே செய்தி வீடியோவை இரண்டிலும் ஓடவிட்டுப் பாருங்கள். படம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். கூடுதல் விலை கொடுத்து வாங்கிய அந்த ஒரு அங்குலம், படத்தின் இருபுறமும் கறுப்புப் பட்டையாக நிற்கும்.

காரணம், திரையின் அகல உயர விகிதம். போனின் அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை குறுக்காக அளப்பது. திரையின் வடிவத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பழைய போனின் திரை 16:9. அதில் மேலேயும் கீழேயும் பெசல் எனப்படும் தடித்த ஓரம் இருக்கும். ஸ்பீக்கர், கேமரா, ஹோம் பட்டன் எல்லாம் அங்கேதான் குடியிருந்தன. 2017-இல் எல்ஜி ஜி6, சாம்சங் எஸ்8, ஐபோன் எக்ஸ் ஆகியவை அந்த ஓரத்தைச் சுருக்கி, அந்த இடத்தையும் திரைக்கே கொடுத்தன. போன் கைக்குள் அடங்க வேண்டுமே, அதனால் அகலம் கூடவில்லை. நீளம் மட்டும் வளர்ந்தது. இன்று பல போன்களின் திரை 20:9. டிவிக்காக எடுத்த வீடியோ இன்னும் 16:9-தான். போனைப் படுக்கவைத்தால் அந்த வீடியோவின் உயரத்தைத் தீர்மானிப்பது போனின் அகலம். அது இரண்டு போன்களிலும் சுமார் 2.7 அங்குலம்.

பட்டையையும் பெசலையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. ஹோம் ஸ்கிரீனுக்குப் போனதும் மறைந்தால் அது பட்டை, மறையாமல் நின்றால் பெசல். எல்சிடி டிவி என்றால் விளக்கை அணைத்துப் பாருங்கள். பட்டை லேசாகச் சாம்பல் நிறத்தில் ஒளிரும், பெசல் ஒளிராது.

சரி, பட்டை பிடிக்கவில்லை என்று திரை முழுக்கப் படத்தை நிரப்பினால் என்ன ஆகும்? இதற்கு நல்ல சாட்சி ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடர். அதன் பழைய பகுதிகள் 4:3 டிவிக்காகத் தயாரானவை. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது அவற்றை மேலும் கீழும் நறுக்கி 16:9 ஆக்கி வெளியிட்டார்கள். உயரத்தில் கால் பங்கு போயிற்று. 1993-இல் வந்த ஒரு பகுதியில் பீர் ஆலைக் காட்சி ஒன்று வரும். மூன்று தொட்டிகள், மூன்று வகை பீர் என்று மூன்று பெயர்ப் பலகைகள். ஆனால் மேலே ஓடும் ஒரே குழாயிலிருந்துதான் மூன்றும் நிரம்புகின்றன. சிரிப்பே அந்தக் குழாயில்தான் இருக்கிறது. நறுக்கிய பதிப்பில் குழாயைக் காணோம். ரசிகர்கள் கூச்சல் போட, 2020 மே மாதம் பழைய வடிவத்தையும் பார்க்க வழி செய்தார்கள்.

நறுக்காமல் இழுத்து நிரப்புவது இன்னொரு வழி. 4:3 படத்தை 16:9 திரைக்கு இழுத்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகலமாகும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் கதாநாயகி திடீரெனப் பருத்துத் தெரிந்தால், காரின் சக்கரத்தைப் பாருங்கள். அது முட்டை வடிவில் இருந்தால் பழி டிவி மீதோ சேனல் மீதோதான். என்னைக் கேட்டால், நறுக்குவதைவிட இது மோசம்.

சினிமாஸ்கோப் படங்களின் கதை வேறு. தமிழில் 1973-இல் ‘ராஜராஜ சோழன்’ தொடங்கிவைத்த அகலப் படம் அது. அகலம் உயரத்தைப்போல் சுமார் 2.4 மடங்கு. 1080 வரி உயரமுள்ள டிவியில் அதை முழுதாகக் காட்டினால் படத்துக்கு 800 வரிதான் தேவை. மேலே 140, கீழே 140 வரிகள் கறுப்பு. படம் பிடித்தவர் வைத்த அத்தனையும் உள்ளே இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

இதே படத்தை மேலும் கீழும் கறுப்பைச் சேர்த்து 16:9 வீடியோவாக யூடியூபில் ஏற்றியிருப்பார்கள். 20:9 போனில் அதைப் போட்டால், வீடியோவிலேயே கலந்த கறுப்பு மேலும் கீழும், போன் சேர்க்கும் கறுப்பு பக்கவாட்டிலும் நின்று, படம் நடுவில் சிறைப்பட்டிருக்கும். இங்கே இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கலாம். அப்போது வீடியோவின் உயரத்தில் மேலே பத்து சதவீதமும் கீழே பத்து சதவீதமும் வெட்டுப்படும். வெட்டுப்படும் இடம் முழுக்கக் கறுப்புதான். படத்தில் ஒரு வரிகூடப் போகாது. கறுப்புக்குள் சப்டைட்டில் பதித்திருந்தால் அது மட்டும் பறிபோகலாம்.

அதே விரலசைவைச் செய்தி வீடியோவில் செய்தால் கீழே ஓடும் செய்திப் பட்டி காணாமல் போகும். சமையல் வீடியோவில் அடுப்பு போகும்.

ஆகவே பெரிதாக்கும் முன் பட்டை எத்தனை பக்கம் என்று பாருங்கள். நான்கு பக்கமும் இருந்தால் தாராளமாக விரிக்கலாம். இடமும் வலமும் மட்டும் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். டிவியிலேயே ஓரம் வெட்டுப்பட்டு, சேனல் லோகோ பாதி மறைந்தால், பட அளவு மெனுவில் `Zoom` இருக்கிறதா என்று பார்த்து `16:9` என்று மாற்றுங்கள். எல்ஜி டிவியில் `Just Scan` என்று இருந்தால் அதையும் இயக்குங்கள்.