மார்ச் 31-இல் எண்ணாமல் விட்ட மூன்று பண்டல்கள்

ஒரு கடையின் லாபத்தைக் கணக்கிட விற்பனையும் கொள்முதலும் தெரிந்தால் போதாது. வாங்கிய சரக்கில் எவ்வளவு விற்றது, எவ்வளவு கடையிலேயே கிடக்கிறது என்பதும் தெரிய வேண்டும். அதற்குத்தான் மார்ச் 31 அன்று கடையை அடைத்துவிட்டு ஸ்டாக் எடுக்கிறார்கள். தொடக்கச் சரக்கிருப்போடு கொள்முதலைக் கூட்டி, அதிலிருந்து இறுதிச் சரக்கிருப்பைக் கழித்தால் விற்ற சரக்கின் அடக்க விலை கிடைக்கும். விற்பனையிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது மொத்த லாபம்.

விற்பனைக்கு பில் இருக்கிறது, கொள்முதலுக்கும் பில் இருக்கிறது. இறுதிச் சரக்கிருப்பு மட்டும் ஆள் எண்ணி, விலை போட்டு எழுதும் தொகை. பல சிறிய கடைகளில் அந்தத் தொகையைச் சரிபார்க்க வேறு பதிவேடு கிடையாது. அதில் தவறு நேர்ந்தால் இரண்டு வருட லாபம் தவறாகிவிடும். எப்படி என்று ஒரு ஜவுளிக்கடையை வைத்துப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

2023-24-இல் தொடக்கச் சரக்கு 4,00,000 ரூபாய், கொள்முதல் 20,00,000, விற்பனை 24,00,000. ஆண்டு முடிவில் உண்மையாக இருந்த சரக்கு 5,00,000. அப்படியானால் விற்ற சரக்கின் அடக்கம் 19,00,000, மொத்த லாபம் 5,00,000.

ஆனால் மார்ச் கடைசி வாரத்தில் சூரத்திலிருந்து 60,000 ரூபாய்க்கு வாங்கிய மூன்று பண்டல் சேலை லாரியில் வந்துகொண்டிருந்தது. பில் மட்டும் முன்பே வந்துவிட்டதால் மார்ச் கொள்முதலில் ஏறிவிட்டது. ஸ்டாக் எடுத்தவர்கள் கடையிலும் குடோனிலும் கண்ணில் பட்டதை எண்ணினார்கள். வழியில் இருந்த சரக்கு எண்ணிக்கையில் வரவில்லை. இறுதிச் சரக்கிருப்பு 4,40,000 என்று பதிவானது. கணக்கைப் பொறுத்தவரை அந்தச் சேலைகளும் விற்றுப்போனவைதான். அடக்கம் 19,60,000 ஆகி, லாபம் 4,40,000 என்று வந்தது.

ஒரு வருடத்தின் இறுதிச் சரக்கிருப்புதான் அடுத்த வருடத்தின் தொடக்கச் சரக்கிருப்பு. 5,00,000-இல் தொடங்க வேண்டிய 2024-25, 4,40,000-இல் தொடங்கியது. அந்த வருடம் கொள்முதல் 22,00,000, விற்பனை 26,50,000, இறுதிச் சரக்கு 6,00,000. இம்முறை எண்ணிக்கை சரி. உண்மையான லாபம் 5,50,000. கணக்கில் வந்ததோ 6,10,000. மூன்று பண்டல் சேலையும் இந்த வருடம் விற்றுப் பணமாயின. அவற்றின் அடக்கம் போன வருடத்திலேயே கழிந்துவிட்டதால் 60,000-மும் லாபமாக நின்றது.

இரண்டு வருடத்தையும் கூட்டினால் சரியான கணக்கிலும் தவறான கணக்கிலும் 10,50,000-தான். அதனால்தான், "அடுத்த வருஷம் தானா சரியாயிடும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. உண்மையில் லாபம் 50,000 கூடியிருக்க, ஏடு 1,70,000 கூடியதாகக் காட்டுகிறது. ஒரு வருடம் குறைந்து மறு வருடம் கூடுவதால் ஒப்பீட்டில் தவறு இரட்டிப்பாகிறது. பத்து சதவீத வளர்ச்சி ஏறத்தாழ 39 சதவீதமாகத் தெரிகிறது. அதை நம்பி இன்னொரு கிளைக்குக் கடன் வாங்குபவர் இல்லாத வேகத்தை நம்பி வாங்குகிறார். இரண்டாம் வருட எண்ணிக்கையும் பிசகினால் இந்த ஈடுகட்டலும் மூன்றாம் வருடத்துக்குத் தள்ளிப்போகும்.

பில்லையும் அன்று ஏற்றாமல் விட்டிருந்தால் லாபம் மாறியிருக்காது. கொள்முதலும் சரக்கும் ஒருசேரக் குறைந்து ஒன்றையொன்று ஈடுகட்டியிருக்கும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் விட்டுப்போனதுதான் கோளாறு. நேர்மாறாக, சரக்கை மார்ச்சில் எண்ணிவிட்டு பில்லை ஏப்ரலில் ஏற்றினால் முதல் வருட லாபம் வீங்கி, அடுத்த வருடம் இளைக்கும்.

இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி விற்பனையில் மொத்த லாபம் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. சரியான கணக்கில் இரண்டு வருடமும் 21-ஐ ஒட்டியே இருக்கிறது. தவறான கணக்கில் 18.3, பிறகு 23. விலையோ தள்ளுபடியோ மாறாதபோது இப்படி இறங்கி ஏறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்டாக்கைத்தான். மார்ச் கடைசிப் பத்து நாள் கொள்முதல் பில்களை எடுத்து, ஒவ்வொன்றின் லாரி ரசீதிலும் சரக்கு கைக்கு வந்த தேதியைப் பார்த்தால், ஏப்ரலில் வந்த பண்டல்கள் அகப்பட்டுவிடும்.

கடை ஒருவருடையது என்றால் பணம் அவரிடமே திரும்புகிறது. வரி மட்டும் வருடம் மாறி விழும். கூட்டு வியாபாரத்தில் அப்படியில்லை. சரிபாதிப் பங்குள்ள இருவரில் ஒருவர் 2024 மார்ச் 31 அன்று விலகி, அன்றைய ஏட்டின்படி கணக்குத் தீர்த்துக்கொண்டு போயிருந்தால் அவருக்கு 30,000 ரூபாய் குறைவாகக் கிடைத்திருக்கும். மறு வருடம் அந்த 60,000 லாபமாகத் திரும்பி வரும்போது பங்கு கேட்க அவர் அங்கே இருக்க மாட்டார்.