ஒரே காகிதத்துக்கு மூணு பெயர் எதற்கு?

ஜெர்மனியில் புது வீட்டுக்குப் போனால் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் தரும் உறுதிச்சீட்டு தேவை. ‘வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்’ என்று வாய் வலிக்கும் பெயர் அதற்கு. இதே சீட்டுக்கு வேறு பெயர்களும் உண்டு. அரசு இணையதளத்தின் கேள்வி-பதிலில் பெயர் மாறி மாறி வந்தால், புதுசா வந்தவர் மூணு காகிதம் தேடுவார்.

ஒரே பெயரை வைத்து இப்படிச் சொல்லலாமே: “குடிபுகுந்த 2 வாரத்துக்குள் பதியுங்கள். பாஸ்போர்ட், உறுதிச்சீட்டு இரண்டும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் போதாது.” சட்டப்பிரிவு எண் கடைசியில் இருக்கட்டும்.

ஆனால் சுருக்கும்போது விதிவிலக்கை வெட்டிடக் கூடாது. ஊரிலிருந்து வந்து 3 மாதத்துக்குள் திரும்பிவிடும் அம்மா அப்பாவுக்குப் பதிவு தேவையில்லை. அந்த ஒரு வரி போனால், அவங்களையும் கூட்டிக்கிட்டு அலுவலகத்துக்கு அலைவோம்.